மாடி பிறகு கட்டப்போகிறீர்களா? கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்க மூன்று வழிகள்

இப்போதைக்குக் கீழ்த்தளம் மட்டும், கையில் பணம் சேர்ந்ததும் மேலே இரண்டு தளம். வீடு கட்டுகிறவர்களில் பலருடைய கணக்கு இதுதான். பணக்கணக்காகப் பார்த்தால் இதில் தவறு எதுவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மனை எல்லைக்கும் கட்டிடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, அதாவது செட்பேக், பல இடங்களில் கட்டிடத்தின் உயரத்தைப் பொறுத்து மாறும். கீழ்த்தளத்துக்கு மட்டும் உரிய குறைந்த இடைவெளியில் சுவர் எழுப்பிவிட்டால், பிற்பாடு அதன் மேல் கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆகவே அனுமதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை முதல் வரைபடம் போடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

வழிகள் மூன்று. முதல் வழியில், கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி, விதி அனுமதிக்கும் அதிகபட்ச அகலத்தில் கட்டிவிடுகிறோம். இரண்டாவதில், மூன்று தளத்துக்கும் இப்போதே அனுமதி வாங்கிக் கீழ்த்தளத்தை மட்டும் கட்டுகிறோம். மூன்றாவதில், அனுமதி கீழ்த்தளத்துக்குத்தான், ஆனால் மூன்று தளத்துக்குரிய செட்பேக்கை விட்டு, மூன்று தளத்தையும் தாங்கும் அடிமானத்தோடு கட்டுகிறோம்.

ஒரு மனையை வைத்து மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் விதி அளவுகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. செய்முறை எங்கும் ஒன்றுதான், எண்களை மட்டும் உங்கள் உள்ளாட்சி அமைப்பின் விதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

மனையும் விதியும்

மனை 12 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். பரப்பு 240 சதுர மீட்டர். முன்பக்கம் 3 மீட்டர், பின்பக்கம் 2 மீட்டர் விட வேண்டும். பக்கவாட்டில், கட்டிட உயரம் 7 மீட்டருக்குள் இருந்தால் இருபுறமும் 1 மீட்டர், அதைத் தாண்டினால் 1.5 மீட்டர். தரையில் கட்டிடம் மனையின் 60 சதவீதத்துக்கு மேல் படியக்கூடாது. தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 1.5.

இங்கே மூன்று வெவ்வேறு கட்டுப்பாடுகள் இருப்பதைக் கவனியுங்கள். கட்டிடம் மனையில் எங்கே நிற்கலாம் என்பதைச் செட்பேக் சொல்கிறது. தரையில் எவ்வளவு இடத்தை மூடலாம் என்பதைப் படிவு சதவீதம் சொல்கிறது. எல்லாத் தளத்தையும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. சொல்கிறது. மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, எது முதலில் தடுக்கிறதோ அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒன்றில் இடம் மிச்சம் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றை மீற முடியாது.

கீழ்த்தளம் மட்டும் என்றால் உயரம் 4 மீட்டருக்குள் அடங்கும். பக்கத்துக்கு 1 மீட்டர் போக அகலம் 10 மீட்டர், முன்னும் பின்னும் போக நீளம் 15 மீட்டர். செட்பேக் கணக்கில் 150 சதுர மீட்டர் வருகிறது. ஆனால் 60 சதவீதம் என்பது 144 தான். எனவே எல்லை 144.

மூன்று தளம் என்றால் நிலைமை மாறுகிறது. தரையிலிருந்து பேஸ்மட்டம் 0.6 மீட்டர், தளத்துக்கு 3 மீட்டர் வீதம் மூன்று தளம், மொத்தம் 9.6 மீட்டர். உயரம் 7 மீட்டரைத் தாண்டிவிட்டதால் பக்கத்துக்கு 1.5 மீட்டர் விட வேண்டும். அகலம் 9 மீட்டராகச் சுருங்குகிறது. 9 பெருக்கல் 15, அதாவது 135 சதுர மீட்டர். இப்போது தடுப்பது செட்பேக், படிவு சதவீதம் அல்ல.

எஃப்.எஸ்.ஐ. கணக்கில் மொத்தம் 240 பெருக்கல் 1.5, அதாவது 360 சதுர மீட்டர் கட்டலாம். 135 வீதம் மூன்று தளம் போட்டால் 405 ஆகிவிடும், அது முடியாது. கீழே 135 கட்டினால் மேலே இரண்டு தளத்துக்கும் சேர்த்து 225 மிஞ்சும், தளத்துக்கு 112.5. கீழ்த்தளத்தில் செலவழிக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரும் மேல்தளத்தின் பங்கிலிருந்து போகிறது என்பதை இந்த இடத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரின் கனமும் இந்தப் பரப்புக்குள் சேர்ந்ததுதான். பால்கனி, வாகன நிறுத்தம், மாடிப்படி ஹெட்ரூம் ஆகியவற்றில் எது கணக்கில் வரும், எது வராது என்பது விதிக்கு விதி வேறுபடும். பரப்புப் பட்டியல் போடும் பொறியாளரிடம் இதை வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வழி: கீழ்த்தள அளவில் அகலமாகக் கட்டுவது

இதில் இன்றைக்குக் கிடைக்கும் லாபம் 144 கழித்தல் 135, அதாவது 9 சதுர மீட்டர். ஒரு சிறிய அறை. அறைகளின் அகலமும் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

மேலே கட்ட நினைக்கும் நாளில்தான் இதன் விலை தெரியவரும். மாடிக்கு விண்ணப்பித்தால், பரிசீலிக்கும் அதிகாரி புதிய தளங்களை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. கட்டிடம் முழுவதையும் 9.6 மீட்டர் உயரக் கட்டிடமாக எடுத்துக்கொண்டு பார்ப்பார். அப்போது கீழே 1 மீட்டரில் நிற்கும் சுவரே விதிமீறலாகத் தெரியும். அனுமதி வாங்கி முறையாகக் கட்டிய சுவர்தான், ஆனால் புதிய உயரத்துக்கு அது பொருந்தவில்லை.

மேல்தளச் சுவரை மட்டும் அரை மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டலாமே என்று தோன்றும். அதை ஏற்கும் விதிகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே கட்டுமானம் இடிக்கும். கீழ்த்தளத் தூண்கள் வெளிச்சுவர் வரிசையில் நிற்கின்றன. மேல்தளச் சுவர் அதிலிருந்து அரை மீட்டர் உள்ளே, தூணும் பீமும் இல்லாத இடத்தில், வெறும் ஸ்லாப் மேல் உட்காரும். அந்தச் சுவரையும் அது தாங்கும் கூரையையும் சுமக்க ஸ்லாப் வடிவமைக்கப்படவில்லை. அங்கே புதிய பீம் போட வேண்டும், அதற்குப் பழைய தூணில் துளையிட்டுக் கம்பி பதிக்க வேண்டும். அதே தூண்களை அப்படியே மேலே தொடர்ந்தால், அவை செட்பேக் பகுதிக்குள் நிற்கும்.

மேலே கட்டவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இந்த வழி பொருந்தும். வயதானவர்கள் படியேறாமல் ஒரே தளத்தில் வாழ நினைத்துக் கட்டும் வீடு அப்படிப்பட்டது. மற்றவர்கள் 9 சதுர மீட்டருக்காக மாடியையே பணயம் வைப்பது சரியல்ல.

இரண்டாவது வழி: முழுவதற்கும் அனுமதி, கட்டுவது பாதி

இதன் பலம் ஒன்று. இன்றைய விதிப்படி மூன்று தளத்துக்கும் அனுமதி கையில் வந்துவிடுகிறது. அனுமதி உயிரோடு இருக்கும்வரை நீங்கள் மேல்தளத்தைத் தொடரலாம்.

உயிரோடு இருக்கும்வரை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கட்டிட அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. சில ஆண்டுகள்தான். கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தால் நீட்டிப்பு கிடைக்கும் இடங்கள் உண்டு, அதற்கும் வரம்பு இருக்கும். கெடு தாண்டிவிட்டால் கட்டாத தளங்களுக்கான அனுமதி காலாவதியாகிவிடும், அப்போது நடப்பிலிருக்கும் விதிப்படி புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். பத்து ஆண்டு கழித்து மாடி கட்டலாம் என்று நினைப்பவருக்கு இந்த அனுமதி பயன்படாது.

பரிசீலனைக் கட்டணமும் அனுமதிக் கட்டணமும் பெரும்பாலும் பரப்பின் அடிப்படையில் கணக்கிடப்படுவதால், கட்டாத 225 சதுர மீட்டருக்கும் இப்போதே கட்டணம் போகும். அனுமதி காலாவதியானால் அந்தப் பணம் திரும்பாது.

அடுத்தது பணி நிறைவுச் சான்று. அனுமதி மூன்று தளத்துக்கு, கட்டியது ஒன்று. அப்படியிருக்க, முடிந்த பகுதிக்கு மட்டும் சான்று தருவார்களா, மாட்டார்களா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். சான்று வந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று இருக்கும் இடங்களில், இதைக் கேட்காமல் இறங்கினால் குடிபோகும் நேரத்தில் மாட்டிக்கொள்வோம். விண்ணப்பத்துக்கு முன்பே இதைக் கேட்டு, விதியில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும்.

மேல்தளத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நிச்சயமாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவது வழி: அனுமதி ஒரு தளத்துக்கு, கணக்கு மூன்று தளத்துக்கு

பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். வரைபடத்தில் கீழ்த்தளம் மட்டும். ஆனால் பக்கவாட்டில் 1 மீட்டர் போதும் என்ற இடத்தில் 1.5 மீட்டர் விடுகிறோம். கட்டிட அகலம் 9 மீட்டர். கட்டணம் கீழ்த்தளத்துக்கு மட்டும். கட்டி முடித்ததும் வரைபடமும் கட்டிடமும் ஒத்துப்போவதால் பணி நிறைவுச் சான்றில் சிக்கல் இல்லை. பின்னால் மேல்தளத்துக்கு விண்ணப்பிக்கும்போது கீழ்த்தளம் ஏற்கெனவே புதிய உயரத்துக்குரிய செட்பேக்கில் நிற்கும்.

இதில் உள்ள ஒரே அபாயம், அதற்குள் விதி கடுமையாவது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் முதல் வழியிலும் அந்த அபாயம் இருக்கிறது, அனுமதி காலாவதியானபின் இரண்டாவது வழியிலும் இருக்கிறது. மனை இடம் கொடுத்தால் பக்கத்துக்கு இன்னும் 10, 15 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வையுங்கள்.

இந்த வழி பலிக்க இரண்டு விஷயங்களைத் தொடக்கத்திலேயே செய்தாக வேண்டும்.

ஒன்று மாடிப்படி. பின்னால் மாடி கட்டும்போது பக்கவாட்டில் வெளியே படி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. செட்பேக் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம், அங்கே படிக்கட்டு வைக்க பொதுவாக அனுமதி கிடையாது. படி கட்டிட எல்லைக்குள்தான் வர வேண்டும். அதற்கு எவ்வளவு இடம்? தளத்துக்குத் தளம் 3 மீட்டர், படியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்றால் 20 ஏற்றம். நடுவில் திரும்பும் படியாக வைத்தால் பக்கத்துக்குப் பத்து ஏற்றம், அதாவது ஒன்பது மிதிபடி. மிதிபடி 25 சென்டிமீட்டர் வீதம் 2.25 மீட்டர். இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் தட்டுப்பகுதி சேர்த்தால் 4.25 மீட்டர் நீளம். ஒரு மீட்டர் அகலப் படி இரண்டு, நடுவில் 10 சென்டிமீட்டர் இடைவெளி, மொத்த அகலம் 2.1 மீட்டர். உள்ளளவு ஏறக்குறைய 9 சதுர மீட்டர். மாடியை வேறு குடும்பத்துக்கு விடும் எண்ணம் இருந்தால், இந்தப் படியறைக்கு முன்வாசல் பக்கத்திலிருந்து தனிக்கதவு வரும்படி இப்போதே அமைத்துவிடுங்கள்.

இரண்டாவது அடிமானம். கட்டமைப்புப் பொறியாளரிடம் மண் பரிசோதனை அறிக்கையைக் கொடுத்து, மூன்று தளச் சுமைக்கு அடிமானமும் தூண்களும் வடிவமைக்கச் சொல்ல வேண்டும். தூண் கம்பிகளைக் கூரைக்கு மேலே நீட்டி விடுவார்கள். புதிய கம்பியோடு இணைக்க, கம்பி விட்டத்தைப் போல் சுமார் 50 மடங்கு நீளம் வேண்டும், 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 80 சென்டிமீட்டர். அப்படியே மழையில் விட்டால் ஒரு சில ஆண்டுகளிலேயே துரு ஏறும். கம்பிக்குச் சிமெண்ட் குழம்பு பூசி, சுற்றிலும் மெலிந்த கான்கிரீட் போட்டு மூடி வைத்தால், பின்னால் உடைத்து எடுக்கலாம். கூரையோடு அந்தக் கட்டை சேரும் விளிம்பில்தான் நீர் கசியும், அங்கே சரிவாகப் பூச்சு கொடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் முதலில் சாலையின் அகலம்

மேலே போட்ட கணக்கு முழுவதையும் ஒரே எண் மாற்றிவிடும். மனைக்கு முன்னால் இருக்கும் சாலை 6 மீட்டர், திட்டப்படி அது 9 மீட்டராக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் சமமாக எடுத்தால் உங்கள் பங்கு 1.5 மீட்டர். செட்பேக் அதன்பிறகு புதிய எல்லையிலிருந்து அளக்கப்படும். மனையின் நீளம் 18.5, கட்டிட நீளம் 13.5 மீட்டர். மூன்று தளக் கட்டிடத்தின் தரையளவு 135லிருந்து 121.5 ஆகிவிடுகிறது. மனைப்பரப்பும் 222 ஆகக் குறைவதால் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் 333 சதுர மீட்டர்தான் வரும். விட்டுக்கொடுத்த நிலத்துக்கும் சேர்த்து எஃப்.எஸ்.ஐ. தரும் விதிகளும் உண்டு, அதையும் கேளுங்கள். மூலை மனையாக இருந்தால் இரண்டு சாலைக்கும் இதே கேள்வி.

அதனால் அனுமதிக்கான வேலை வரைபடத்தில் தொடங்குவதில்லை, அளவையில் தொடங்குகிறது. பத்திரம், நில அளவை வரைபடம், நேரில் அளந்த அளவு, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போவது அரிது. பத்திரத்தில் 12 மீட்டர் என்றிருக்கும், நேரில் முன்பக்கம் 12, பின்பக்கம் 11.6 என்று வரும். முன்பக்கத்திலிருந்து 18 மீட்டர் உள்ளே, கட்டிடத்தின் பின்மூலை வரும் இடத்தில், மனையின் அகலம் 11.64 மீட்டர்தான். அங்கே 9 மீட்டர் கட்டிடத்தை வைத்தால் இருபுறமும் சேர்த்து மிஞ்சுவது 2.64. ஒரு பக்கம் 1.5 விட்டால் மறுபக்கம் 1.14. வரைபடம் அனுமதி பெற்றிருந்தாலும் களத்தில் செட்பேக் குறைந்துவிடும். நேர்ச்சதுரமாகக் கட்ட வேண்டுமென்றால் அகலம் 8.64க்கு மேல் போகக்கூடாது.

அளவு உறுதியானதும் நிலத்தின் பயன்பாட்டு வகை, மனைப்பிரிவு அனுமதி பெற்றதா என்பது ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பிறகு உரிமம் பெற்ற பொறியாளரோ கட்டிடக் கலைஞரோ மனை வரைபடம், தள வரைபடம், வெட்டுத்தோற்றம், முகப்பு, பரப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தயாரித்துக் கையொப்பமிட்டு உரிமை ஆவணங்களோடு சமர்ப்பிப்பார். பரிசீலனைக் கட்டணம், கள ஆய்வு, குறைகள் கேட்டுக் கடிதம், திருத்தம், இறுதிக் கட்டணம், அனுமதி என்று அது நகரும். அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுவது வரைபடத்துக்கும் பத்திரத்துக்கும் அளவு ஒத்துப்போகாத விண்ணப்பங்கள்தான். அனுமதி எண் கையில் வரும்வரை கடைக்கால் தோண்டாதீர்கள். கள ஆய்வுக்கு வருபவர் தோண்டிய குழியைப் பார்த்தால், விண்ணப்பம் அனுமதியின்றித் தொடங்கிய கட்டுமானம் என்ற வேறு பாதைக்குப் போய்விடும்.

வேலை தொடங்கும்போது நூல் கட்டி மார்க்கிங் செய்வதை நீங்களே நின்று பாருங்கள். வரைபடத்தில் 1.5 மீட்டர் என்பது முடிந்த வெளிமுகத்திலிருந்து எல்லைக்கோடு வரை. மேஸ்திரி செங்கல் சுவரின் முகத்தை 1.5 மீட்டரில் வைத்துவிட்டால், வெளிப்பூச்சு 2 சென்டிமீட்டர், அதன்மேல் கல் பதித்தால் இன்னும் 3 சென்டிமீட்டர், ஆக 5 சென்டிமீட்டர் குறைந்துபோகும். எனவே பூச்சு, கல் இரண்டின் கனத்தையும் சேர்த்து 1.55 மீட்டரில் செங்கல் முகத்தை வையுங்கள். எல்லைக்கோடு என்பதும் காம்பவுண்ட் சுவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் சுவரை எந்தப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. சர்வே கல்லிலிருந்து அளக்க வேண்டும்.

பேஸ்மட்டம் எழும்பியதும், சுவர் வைப்பதற்கு முன், நான்கு மூலையிலும் இன்னொருமுறை அளந்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் 5 சென்டிமீட்டர் தவறைத் திருத்துவது ஒரு நாள் வேலை. கூரை போட்டபின் கண்டுபிடித்தால் அது பணி நிறைவுச் சான்றில்தான் வந்து நிற்கும்.

மூன்றாவது வழியில் கட்டுபவர்கள் ஒரு கோப்பைத் தனியாக வைத்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடம், மூன்று தளத்துக்கான கட்டமைப்பு வரைபடமும் சுமைக் கணக்கும், மண் பரிசோதனை அறிக்கை, பணி நிறைவுச் சான்று, கான்கிரீட் போடுவதற்கு முன் எடுத்த அடிமானக் கம்பிகளின் அளவுகோல் வைத்த படங்கள். மாடிக்கு விண்ணப்பிக்கும்போது, கீழ்த்தளம் அந்தச் சுமையைத் தாங்கும் என்று பொறியாளர் சான்று தர வேண்டியிருக்கும். இந்தக் கோப்பு இல்லாவிட்டால் தூணைச் சுரண்டிக் கம்பியை எண்ணுவதும், அடிமானத்தைத் தோண்டிப் பார்ப்பதும்தான் அவருக்கு மிஞ்சும் வழி. முதலில் வடிவமைத்த பொறியாளரே அப்போதும் கிடைப்பார் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் கட்டமைப்பு வரைபடத்தின் கையொப்பமிட்ட பிரதியை வீட்டு உரிமையாளர் தன் பத்திரத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும்.